தயிர், முட்டை, கற்றாழை, செம்பருத்தி: பின்கழுத்து எரிந்தது எதனால்?

"டாக்டர், வணக்கம். பினாங்கு பிறையில் தொழிற்சாலை வேலை, வயது 34. தினமும் ஹெல்மெட் போட்டு மோட்டார் சைக்கிளில் போவதால் முடி வறண்டுவிட்டது, பொடுகும் இருக்கிறது. மாமியார் சொன்னார் என்று தயிர், ஒரு முட்டை, தொட்டியில் வளரும் கற்றாழை, எங்கள் பிளாட்டின் கீழே இருக்கும் செம்பருத்தி இலை, பூ எல்லாவற்றையும் மிக்சியில் அரைத்துத் தலை முழுக்கத் தேய்த்து, பிளாஸ்டிக் உறை கட்டி இரண்டு மணி நேரம் வைத்திருந்தேன். கால் மணி நேரத்திலேயே பின்கழுத்தும் காதுக்குப் பின்னாலும் எரிந்தது. குளிர்ச்சி இறங்குகிறது என்று பொறுத்துக்கொண்டேன். அலசிப் பார்த்தால் சிவந்திருந்தது, மறுநாள் போய்விட்டது. மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து ஆறாம் நாள் மறுபடி போட்டேன். இந்த முறை அரிப்பு அதிகம். சுடுதண்ணீரில் அலசியும் முடியில் வெள்ளைத் துணுக்குகள் போகவில்லை. என் பத்து வயது மகளுக்கும் போடலாம் என்று இருந்தேன். அவளுக்குச் சின்ன வயதில் கரப்பான் இருந்தது. நான் எங்கே தவறினேன்?"

மகளுக்குப் போடாதீர்கள். இந்த ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் எரிச்சலைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் உதவியது "கால் மணி நேரம்" என்ற சொல்தான். தோல் மருத்துவத்தில் எங்கே வந்தது என்பதோடு எவ்வளவு நேரத்தில் வந்தது என்பதையும் கேட்போம். ஒரு பொருள் தோலை நேரடியாக உறுத்தினால் சில நிமிடங்களில் எரியும், அது பட்ட இடத்தில் மட்டும் சிவக்கும், கழுவிவிட்டால் ஓரிரு நாளில் அடங்கிவிடும். உடனடி ஒவ்வாமை என்றால் அதே வேகத்தில் வரும், ஆனால் எரிச்சலைவிட அரிப்பு முந்திக்கொள்ளும், கொசு கடித்ததுபோலத் தடிப்புகள் எழும், பொருள் படாத இடத்திலும் வரலாம். மூன்றாவது வகை தாமத ஒவ்வாமை. அது இரண்டு மூன்று நாள் கழித்து, நீங்கள் தலைக்குக் குளித்ததையே மறந்த பிறகு, நீர்க்கோத்த கொப்புளமும் சொறியுமாக வரும்.

உங்களுக்கு முதல் முறை வந்தது முதல் வகையைப்போலத்தான் தெரிகிறது. எரிந்தது, சிவந்தது, மறுநாள் போனது, தடிப்பு எதுவும் எழவில்லை. நீங்கள் சேர்த்த நான்கில் என் சந்தேகம் முதலில் விழுவது கற்றாழை மேல். "கற்றாழையா? குளிர்ச்சிதானே!" என்று மாமியார் சொல்வார். அந்த வழுவழுப்பான சோறு குளிர்ச்சிதான். ஆனால் பச்சைத் தோலுக்கும் சோற்றுக்கும் நடுவே மஞ்சள் நிறத்தில், கசப்பாக ஒரு பால் ஓடும். மடலை வெட்டியதும் அடியில் வழிகிறதே, அதுதான். அதில் அலோயின் என்ற பொருள் இருக்கிறது. அந்தக் காலத்தில் பேதிக்குக் கொடுத்த கரிய போளம் என்பது இந்தப் பாலைக் காய்ச்சி இறுக்கியதுதான். அது தோலில் பட்டால் பலருக்கு எரிச்சலும் அரிப்பும் வரும். மடலைக் கழுவி அப்படியே துண்டு போட்டு மிக்சியில் விட்டால் தோலும் பாலும் சோறும் ஒன்றாகிவிடும். நீங்கள் அப்படித்தான் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

அதற்கு மேல் இரண்டு மணி நேரம், அதுவும் பிளாஸ்டிக் உறைக்குள். பினாங்கு வெயிலில் உறைக்குள் தலை வியர்த்து, கலவை இளகி, கீழே வழிந்து, பின்கழுத்திலும் காதுமடலின் பின்னாலும் தேங்கும். அங்கே தோல் மெல்லியது. எரிந்த இடம் சரியாக அதுதானே? நனைந்து ஊறிய தோல் எதையும் அதிகமாக உள்ளே விடும். கால் மணி நேரத்தில் தோல் வேண்டாம் என்று சொல்லிவிட்டது, நீங்கள் இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் விட்டு வைத்தீர்கள். குளிர்ச்சி இறங்கினால் எரியாது அம்மா.

இரண்டாவது முறை அரிப்பு கூடியதற்கு எளிய விளக்கம் உண்டு. முதல் எரிச்சல் கண்ணுக்கு ஆறிவிட்டாலும் தோலின் மேல்தடுப்பு முழுதாகச் சேர்வதற்குள் மறுபடி போட்டீர்கள். கலவையும் ஆறு நாள் பழையது. தயிர் ஃபிரிட்ஜிலும் மெதுவாகப் புளித்துக்கொண்டுதான் இருக்கும், கூடவே பச்சை முட்டை, செடியிலிருந்து வந்த இலை. முட்டை ஓட்டிலும் சில சமயம் உள்ளேயும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். சமைத்தால் அது சாகும், ஃபிரிட்ஜில் சாகாது. சொறிந்த கீறல் உள்ள உச்சந்தலையில் இப்படிப்பட்ட கலவையைத் தேய்ப்பது மயிர்க்கால்களில் சீழ்க்கொப்புளத்தை விலைக்கு வாங்குவது மாதிரி. உங்களுக்கு அப்படி வரவில்லை. இன்னும் மிச்சம் இருந்தால் இப்போதே கொட்டிவிடுங்கள்.

ஆனாலும் இரண்டாவது முறை எரிச்சலைவிட அரிப்பு அதிகம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் அப்படியே தள்ளிவிட மாட்டேன். அது ஒவ்வாமையின் தொடக்கமாகவும் இருக்கலாம். நான்கையும் ஒன்றாய் அரைத்ததால் எது என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அதனால் பிரித்துப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு கேள்வி. முடிக்குச் சாயம் போடுகிறீர்களா? நீங்கள் எழுதவில்லை, அதனால்தான் கேட்கிறேன். அலசும்போது தண்ணீர் வழிகிற பாதையான பின்கழுத்து, காதுக்குப் பின்புறம், கழுத்தின் பக்கவாட்டு ஆகிய இடங்களில் மட்டும் தடிப்பு வந்தால் நாங்கள் முதலில் தேடுவது ஷாம்புவையும் முடிச்சாயத்தையும்தான். ஒரு பெண் இரண்டு வருடமாகச் செம்பருத்தி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வந்தார். விசாரித்தால், தீபாவளிக்கு முந்தின வாரம் சாயம், அதற்கு இரண்டு நாள் கழித்துச் செம்பருத்தி. பரிசோதித்தபோது குற்றவாளி கறுப்புச் சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற பொருள். செம்பருத்தி பாவம், சும்மா மாட்டிக்கொண்டது. மருதாணி என்று கடையில் விற்கும் கறுப்புப் பொடிகளிலும் இந்தப் பிபிடி கலந்திருப்பது உண்டு.

சரி, பிரித்துப் பார்ப்பது எப்படி? முதலில் இரண்டு வாரம் எதையும் போடாமல் தோலை முழுதாக ஆற விடுங்கள். அப்புறம் ஒரு நாள், ஒரே ஒரு பொருள். செம்பருத்திச் சாற்றிலிருந்து தொடங்கலாம். முழங்கையின் உள்மடிப்புக்குச் சற்றுக் கீழே, இருபது காசு நாணயம் அளவு இடத்தில் பூசி, இருபது நிமிடம் விட்டுக் கழுவுங்கள். அந்த ஒரு மணி நேரம் தடிப்பு எழுகிறதா என்று பாருங்கள். பிறகு மூன்று நாள் அந்த இடத்தைக் கவனியுங்கள், தாமத ஒவ்வாமை அப்போதுதான் தலைகாட்டும். மூன்று நாள் ஒன்றும் இல்லை என்றால் அடுத்தது கற்றாழை, அதன்பின் தயிர். அவசரப்பட்டு மூன்றையும் ஒரே கையில் பக்கம் பக்கமாகப் பூசாதீர்கள், ஒன்று வழிந்து மற்றதோடு கலந்தால் மறுபடி பழைய கதைதான். கையில் ஒத்துக்கொண்டது தலையிலும் ஒத்துக்கொள்ளும் என்று நூறு விழுக்காடு சொல்ல முடியாது. கையில் ஒத்துக்கொள்ளாததைத் தலைக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது மட்டும் உறுதி.

முட்டையை அந்த வரிசையில் நான் சேர்க்கவில்லை, கவனித்தீர்களா? முட்டையால் முடிக்குக் கிடைப்பது மிகக் குறைவு, தொல்லை அதிகம் என்பது என் கருத்து. முடி புரதத்தால் ஆனது, முட்டையிலும் புரதம் இருக்கிறது, ஆகவே முட்டை முடிக்குள் போய் ஊட்டம் கொடுக்கும் என்ற கணக்கு கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முட்டைப் புரதத்தின் மூலக்கூறு பெரியது, முடியின் செதில் அடுக்கைத் தாண்டி உள்ளே போகாது. கடையில் விற்கும் புரத கண்டிஷனர்களில் புரதத்தைச் சின்னச் சின்னத் துண்டாகச் சிதைத்துச் சேர்ப்பது அதனால்தான். முட்டையில் பயோட்டின் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, மஞ்சள்கருவில். பச்சை வெள்ளைக்கருவில் இருக்கும் அவிடின் என்ற புரதமோ அந்தப் பயோட்டினையே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அப்படியே விட்டாலும் வெளியே தெரியும் முடி உயிரற்ற இழை, அதற்கு வைட்டமின் ஊட்ட வழி கிடையாது. முட்டை போட்டபின் முடி பளபளப்பது மஞ்சள்கருவின் கொழுப்பும் லெசித்தினும் மேலே மெல்லியதாகப் படிவதால். அந்த வேலையை ஒரு சாதாரண கண்டிஷனர் வாடையில்லாமல் செய்துவிடும்.

உங்கள் வெள்ளைத் துணுக்குகளும் பெரும்பாலும் முட்டையின் கைவேலைதான், தயிரின் திப்பியும் கொஞ்சம் கூட்டு. வெள்ளைக்கரு 60 டிகிரி செல்சியஸை ஒட்டி இறுகத் தொடங்கும். குளியலறை ஹீட்டர் பெரும்பாலும் அவ்வளவு சூடு தராது, ஆனால் சூடு ஏற ஏற ஒட்டிய முட்டை கிளம்புவது கடினமாகும். உறைக்கு வெளியே ஓரங்களில் காய்ந்த வெள்ளைக்கரு பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். குழாய்த் தண்ணீரில் நன்றாக நனைத்து, ஷாம்பு போட்டு, கண்டிஷனர் தடவிய ஈர முடியில் அகலப்பல் சீப்பால் கீழிருந்து மேலாகப் பிரித்து வாருங்கள். இரண்டு குளியலில் போய்விடும். நகத்தால் சுரண்ட வேண்டாம்.

இப்போது மகள். கரப்பான் வந்த பிள்ளைகளின் தோலில் தடுப்புச் சுவர் பிறவியிலேயே பலவீனமாக இருப்பது வழக்கம், வளர வளரக் கரப்பான் மறைந்தாலும் தோலின் அந்த சுபாவம் முழுதாகப் போவதில்லை. அப்படிப்பட்ட தோல் வழியாக உணவுப் புரதம் உள்ளே போனால், உடம்பு அதை உணவு என்று பழகிக்கொள்வதற்குப் பதிலாக எதிரி என்று குறித்து வைத்துக்கொள்ளக்கூடும். பிறகு அதே பொருளைச் சாப்பிடும்போது ஒவ்வாமை வரும். இது வெறும் ஊகமில்லை. ஜப்பானில் சிதைத்த கோதுமைப் புரதம் சேர்த்த ஒரு முகச்சோப்பைத் தினமும் பயன்படுத்திய 2,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கோதுமை உணவு ஒவ்வாமை வந்தது. அதற்கு முன் ரொட்டியும் நூடுல்ஸும் சாதாரணமாகச் சாப்பிட்டவர்கள் அவர்கள். 2011-இல் அந்தச் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள். ஒரு முறை தயிர் தடவினாலே இப்படி ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. கரப்பான் இருந்த பிள்ளைக்கு வாராவாரம் முட்டையும் தயிரும் தலையில் தேய்க்க ஒரு காரணமும் இல்லை என்கிறேன். அவள் முடிக்கு நல்ல ஷாம்பு, கண்டிஷனர் போதும்.

தயிருக்கும் செம்பருத்திக்கும் ஒரு நியாயம் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் மாமியாரிடம் எனக்குக் கெட்ட பெயர் வரும். புளித்த தயிரின் பிஎச் சுமார் 4.5, நம் தோலைப்போலவே இலேசான அமிலம். அமிலம் பட்டால் முடியின் செதில்கள் படிந்து உட்காரும், அதனால் முடி வழுக்கலாக, மினுமினுப்பாகத் தெரியும். செம்பருத்தி இலையில் இருக்கும் வழுவழுப்புச் சாறு முடிக்கு முடி உரசாமல் செய்யும். சிக்கெடுக்கும்போது அறுந்து விழும் முடி குறைவதால் "முடி கொட்டுவது நின்றது" என்று தோன்றும். அது பொய்யில்லை, ஆனால் வேரில் ஒன்றும் மாறவில்லை. செம்பருத்தியால் முடி வளர்கிறது என்று சொல்பவர்கள் காட்டும் ஆய்வு ஒன்று 2003-இல் வந்தது. அது எலிகளில் செய்தது, இலையைக் கரைப்பானில் வடித்தெடுத்த சத்தைப் பூசிப் பார்த்தார்கள். வீட்டில் அரைக்கும் இலைக்கு அதைப் பொருத்திப் பேச முடியாது.

சோதித்துப் பார்த்து மூன்றும் ஒத்துக்கொண்டால் நான் சொல்லும் முறை இது. கற்றாழை மடலை அடியில் வெட்டி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் அரை மணி நேரம் நிறுத்துங்கள், மஞ்சள் பால் வடிந்துவிடும். பிறகு பச்சைத் தோலைத் தாராளமாகச் சீவி எறியுங்கள், மஞ்சள் கோடு தெரிகிற இடத்தையும் சேர்த்து. சோற்றை இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். நாக்கு நுனியில் துளி வைத்தால் கசப்பு தெரியக் கூடாது, கசந்தால் பால் இன்னும் இருக்கிறது, மறுபடி அலசுங்கள். செம்பருத்தி இலை எட்டுப் பத்து போதும். ஒரு கப் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, கையால் கசக்கி, வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். மிக்சியில் அரைத்த இலைத்தூள் முடியில் சிக்கிக்கொண்டு அதை எடுக்கும் முயற்சியிலேயே பாதி முடி அறும். பூ வேண்டாம், நரை இருந்தால் சாயம் ஏறும், துண்டிலும் ஏறும். தயிர் மூன்று மேசைக்கரண்டி, சர்க்கரையும் பழச்சுவையும் சேர்க்காத வெறும் தயிர். இதோடு ஒரு மேசைக்கரண்டி கற்றாழைச் சோறும், கலவை தளர்கிற அளவு இலைச்சாறும் சேர்த்தால் தோள்வரை உள்ள முடிக்குச் சரியாக இருக்கும்.

அந்தச் செம்பருத்தி எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். புங்கா ராயா என்ற பெயரில் இது நம் மலேசியாவின் தேசிய மலர் என்பதால் திரும்பிய பக்கமெல்லாம் இருக்கிறது, பறிக்கவும் எளிது. ஆனால் பிளாட்டின் கீழே இருக்கும் செடிகள் மேல்தான் டிங்கிக் காய்ச்சல் வந்தால் அடிக்கும் கொசு மருந்துப் புகை படிகிறது. மாவுப்பூச்சிக்குப் பூச்சிமருந்து அடிப்பதும் உண்டு, சாலை ஓரம் என்றால் வண்டிப் புகையும் சேரும். ஒரு கிளையை வெட்டி நட்டால் தொட்டியிலேயே வரும் செடி இது. கற்றாழைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தடவுவது முடிக்கு மட்டும், காது மட்டத்திலிருந்து நுனிவரை. உச்சந்தலையைத் தொட வேண்டாம். பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், முடியைத் தளர்வாகக் கொண்டை போட்டுக்கொண்டு இருபது நிமிடம். குழாய்த் தண்ணீரில் அலசி, ஷாம்பு போடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். மிச்சம் வைக்காத அளவுக்குக் கலக்குங்கள். தலையில் புண், சொறிந்த கீறல் இருக்கும் வாரம் தள்ளிப் போடுங்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் மொட்டை போட்டு வந்தவர்களின் தலையில் இதையெல்லாம் பூசக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கத்தி பட்ட இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத வெட்டு இருக்கும்.

பொடுகை ஏன் இதில் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். பொடுகுக்குப் பின்னால் இருப்பது மலசீசியா என்ற ஈஸ்ட். அது தலையின் எண்ணெய்ப் பசையைத் தின்று வாழ்வது. ஹெல்மெட்டுக்குள் வியர்வையும் சூடும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். அதன் மேல் மஞ்சள்கரு போன்ற கொழுப்பைப் பூசினால் விருந்து வைத்த மாதிரி. தயிர் தேய்த்து அலசும்போது செதில்கள் இளகி உதிர்ந்து இரண்டு நாள் குறைந்ததுபோலத் தெரியும், அவ்வளவுதான். மருந்தகத்தில் கீட்டோகோனசோல் 2% ஷாம்பு கேளுங்கள். வாரம் இரண்டு முறை, நான்கு வாரம். நுரைத்து உச்சந்தலையில் ஐந்து நிமிடம் விட்டு அலச வேண்டும், போட்டதும் அலசினால் வேலை செய்யாது. இந்த ஷாம்பு நுனிமுடியை வறட்டும், அதனால் அன்றைக்கே நுனிக்கு மட்டும் கண்டிஷனர் போடுங்கள். ஹெல்மெட்டின் உள்துணியைக் கழற்ற முடிந்தால் வாரம் ஒரு முறை துவையுங்கள், ஈர முடியோடு ஹெல்மெட் போடாதீர்கள்.

ஒரு வேளை கைச்சோதனையிலோ பிறகோ உதடு, கண்ணிமை வீங்கினாலும், உடம்பெங்கும் தடிப்பு எழுந்தாலும், மூச்சு இழுத்தாலும், தலை சுற்றி வாந்தி வந்தாலும் உடனே 999-ஐ அழையுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்துக் கழுத்தில் கொப்புளமும் நீர்க்கசிவும் வந்தால் அவசரமில்லை, ஆனால் கிளினிக்குக்குப் போக வேண்டும். போகும்போது நீங்கள் போடும் ஷாம்பு, சாயம், எண்ணெய் எல்லாவற்றின் பாட்டிலையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். பேரை மட்டும் சொன்னால் எங்களுக்குப் பயன்படாது, லேபிளின் பின்பக்கம் வேண்டும்.